ஈரிழைத் துண்டு ஈரமாக வருமா?

தன் சரக்கைத் தானே குறை சொல்லி விற்ற ஒரே வியாபாரி, எனக்குத் தெரிந்து ஜிஎஸ்டி சாலையின் இரண்டு பக்கத்திலும் சேர்த்து, டக்கு டக்கு சார் ஒருவர்தான். மற்றவர்கள் அழுகல் தக்காளியைக் கீழே தள்ளி நல்லதை மேலே அடுக்குவார்கள். இவர் அழுகலைத் தேடி எடுத்து மேலே வைத்து, "பாத்துக்கினியா? இப்ப சொல்லு, வோணுமா?" என்று கேட்கிற ரகம். ஆனால் இவர் விற்றது தக்காளி இல்லை, துண்டு. குளித்துவிட்டுத் துடைத்துக்கொள்ளும் கைத்தறித் துண்டு.

இரும்புலியூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் அவருடைய தறி இருந்தது. காலை ஆறரைக்கு உட்கார்ந்தால் டக்கு டக்கு, டக்கு டக்கு. எதிர்வீட்டுக் கணக்கு டீச்சர் அலாரம் வைப்பதையே விட்டுவிட்டார். சத்தம் நின்றால்தான் தெரு பதறும். "இன்னாச்சு சார், உடம்பு சரியில்லையா?" என்று நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். அவர் உள்ளே, தறியில் குறுக்கே ஓடும் நாடாக் கட்டையில் நூல் மாற்றிக்கொண்டிருப்பார்.

எங்கள் வீடு என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். ஆமாம், டக்கு டக்கு சார் என் அப்பா. இதை இவ்வளவு சாதாரணமாக எழுதுவதற்கு எனக்கு முப்பது வயது ஆகவேண்டியிருந்தது.

பள்ளியில் "உங்க அப்பா என்ன பண்றார்?" என்று கேட்டால் "டெக்ஸ்டைல்ஸ்" என்று சொல்வேன். கல்லூரியில் "டெக்ஸ்டைல் பிசினஸ்" ஆனது. நாவலூரில் வேலை கிடைத்தபோது "ஃபேமிலி ஹேண்ட்லூம் பிராண்ட்" வரைக்கும் வந்துவிட்டேன். அப்பா அதே தறியில், அதே பனியனோடு உட்கார்ந்திருந்தார். பதவி உயர்வெல்லாம் என் வாயில்தான்.

வேலை என்னவென்றால், இணையத்தில் விற்கிற பொருள்களுக்கு விவரம் எழுதுவது. ஒரு நாளைக்கு அறுபது பொருள். மிக்ஸி மூடி, யோகா பாய், நாய்க்குட்டிக்கு ரெயின்கோட். எதையும் தொட்டுப் பார்த்ததில்லை. தொட்டுப் பார்த்தால் அறுபது முடியாது.

கொரோனா காலத்தில் கடைக்காரர்கள் துண்டு எடுப்பதைக் குறைத்தபோது, அப்பாவின் போனில் ஒரு விற்பனைச் செயலியை இறக்கிக் கொடுத்தது நான்தான். படம் எடுக்கச் சொல்லிக் கொடுத்தேன். விவரத்தை நான் எழுதித் தருகிறேன் என்று சொல்லவில்லை. அலுவலகத்தில் அறுபது எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து அறுபத்தொன்றாவது எழுதச் சோம்பல். அவரே எழுத ஆரம்பித்தார். அதுவும் டைப் செய்து இல்லை. போனை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு பேசினால் அதுவே எழுதிக்கொள்ளுமே, அந்த வசதி. தறி மேல் உட்கார்ந்தபடி, போனுக்குக் காது மந்தம் என்று நினைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற குரலில் விவரம் சொல்வார்.

"பச்சைத் துண்டு. மொத அலசல்ல சாயம் கொஞ்சம் வுடும். தனியா தோய்க்கணும். வெள்ளைச் சட்டையோட போட்டுட்டு எங்கிட்ட வந்து அழக்கூடாது."

"கோடு போட்ட துண்டு. ஓரத்துல இருந்து ஒரு சாண் தள்ளி ஒரு முடிச்சு கீது. அந்த நேரம் பாத்து கேஸ் சிலிண்டர் வந்துட்சி."

இவை அப்படியே, முற்றுப்புள்ளி கூட இல்லாமல் உலகத்தின் பார்வைக்குப் போயின. போன் தன் பங்குக்கு உதவி செய்தது. நெசவில் நீளவாக்கில் ஓடும் நூலுக்குப் பாவு என்று பெயர். குறுக்கே ஓடுவது ஊடை. அவர் "பாவு நாப்பது, ஊடை நாப்பது, கஞ்சி உண்டு" என்று சொன்னால் போன் "பாவம் 40 ஓடை 40 கஞ்சி உண்டு" என்று எழுதியது.

ஒரு நாள் அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரன் திரையைத் திருப்பிக் காட்டினான். "மச்சான், இதப் பாரேன். துண்டு விக்கிறானா, கோயில்ல கஞ்சி ஊத்துறானா?" சுற்றி எட்டுப் பேர் சிரித்தார்கள். கேஸ் சிலிண்டர் வரியை ஒருத்தி நடித்தே காட்டினாள். 'அது எங்கப்பா' என்று சொல்ல எனக்கு இரண்டு விநாடி அவகாசம் இருந்தது. நானும் சிரித்தேன். எட்டுப் பேரைவிடக் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தேன்.

அன்றைக்கே அவர் எழுதியதையெல்லாம் அழித்துவிட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். ஒரு சாக்குதான் தேவைப்பட்டது. அதை அனுப்பி வைத்தார் மேடவாக்கம் மேடம்.

மேடம், மேடவாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நீச்சல் குளத்தில் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லித் தருபவர். அவர் அனுப்பிய செய்தி இதுதான்: "சார், ஈரிழை 40 என்று போட்டிருக்கிறீர்கள். ஒரு துண்டு 40 துண்டா? ஈரமாகவே வருமா? உடனே ஆகுமா?"

அப்பா அதை மூன்று முறை வாசித்தார். "ஒரு துண்டு ஒரு துண்டுதாண்டா. இந்தம்மா இன்னா கேக்குறாங்கோ?"

நீங்களும் குழம்பக்கூடாது என்பதால் சொல்லிவிடுகிறேன். ஈரிழை என்றால் ஈர் இழை, இரண்டு இழை. இரண்டு மெல்லிய நூல்களை முறுக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே நூல் போல ஓட்டுவது. பாவிலும் ஜோடி, ஊடையிலும் ஜோடி. முறுக்கு இல்லாததால் துணி மெத்தென்று இருக்கும், தண்ணீரையும் நன்றாக இழுக்கும். ஈரத்துக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமே இல்லை. நாற்பது என்பது நூலின் நம்பர், எண் ஏற ஏற நூல் மெலிசு. இந்த இரண்டுக்கும் நான் மேடத்துக்குச் சரியாகவே பதில் எழுதினேன். மூன்றாவதுதான் சிக்கல். "உடனே ஆகுமா?" என்றால் என்ன? உடனே அனுப்ப ஆகுமா? வந்தவுடன் துடைக்க ஆகுமா? 'எதைக் கேட்கிறீர்கள் மேடம்?' என்று ஒரு வரி தட்டியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

"ஆகும் மேடம்" என்று அனுப்பினேன்.

அந்தக் கையோடு அப்பா போட்டிருந்த பதினெட்டு விவரங்களையும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். எழுதினேன் என்பது பெரிய வார்த்தை. அலுவலகத்தில் மில் துண்டுகளுக்கு நான் எழுதி வைத்திருந்ததை எடுத்து ஒட்டினேன். "மேகம் போன்ற மென்மை. முதல் துடைப்பிலேயே தண்ணீரை முழுவதும் உறிஞ்சும். உங்கள் சருமத்தின் நெருங்கிய தோழன்." சாயம் போகும் என்ற வரி போயிற்று, முடிச்சு போயிற்று, கஞ்சி போயிற்று. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியை மட்டும் படித்தார். "மேகமா? படிச்சவன் எழுதனா எழுத்தே தனிடா" என்று சொல்லிவிட்டுத் தறிக்குப் போனார்.

இப்போது கஞ்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தறியில் பாவு நூல் சும்மா இருப்பதில்லை. ஊடையை நெருக்கித் தட்டுகிற சீப்பு போன்ற அச்சு ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு தட்டுக்கும் அது பாவு நூலை உரசிக்கொண்டுதான் போய் வரும். வெறும் நூல் என்றால் பஞ்சு பிரிந்து அறுந்துவிடும். அதனால் முதலிலேயே நூலை அரிசிக் கஞ்சியில் முக்கிக் காயவைத்து, மேலே ஒரு போர்வை போர்த்தி அனுப்புவார்கள். நெசவு முடிந்த பிறகும் அந்தக் கஞ்சி துணியிலேயேதான் இருக்கும். புதுத் துண்டு மொடமொடவென்று இருக்கும், தண்ணீர் உள்ளே இறங்காது. இரண்டு மூன்று முறை ஊறவைத்து அலசினால்தான் கஞ்சி போய் நூல் வாய் திறக்கும். இதைத்தான் அவர் தன் பாஷையில் எழுதியிருந்தார்: "கஞ்சி உண்டு. மூணு அலசல் ஆனப்புறம் தொடச்சிப் பாத்துட்டு பேசுங்க." நான் அழித்த வரி அது.

மேடம் இருபத்தைந்து துண்டு வாங்கினார். பத்து நாளில் அவருடைய குரல் பதிவு வந்தது. அப்பா தறிமேல் வைத்து, சத்தமாக ஓடவிட்டார்.

"சார், சம்மர் கேம்ப்ல முதல் நாள். இருபத்தி அஞ்சு பசங்க குளத்துல இருந்து ஏறி உங்க துண்டால துடைக்கிறாங்க. துண்டு துடைக்கவே இல்ல சார். தண்ணியத் தள்ளி விடுது. முதுகுல இருந்த தண்ணி தோளுக்கு வருது, தோள்ல இருந்தது வயித்துக்குப் போகுது. பேரன்ட்ஸ் எல்லாரும் நின்னு பாத்துட்டு இருக்காங்க. ஒரு அம்மா, இது என்ன மேடம் ரெயின்கோட்டான்னு கேக்குறாங்க. இது என்னோட முதல் பேட்ச் சார். இவங்க சொல்லித்தான் அடுத்த பேட்ச் வரணும்."

நான் வாசலில் ஷூ போட்டுக்கொண்டிருந்தேன். கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தார். 'மூணு அலசல்' வரி அப்படியே இருக்கிறது, அந்தம்மா அலசிவிட்டுத்தான் கொடுத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்.

"மூணு அலசலுக்கும் போவலன்னா கஞ்சி ஓவராயிட்சிடா" என்றார் மெதுவாக. "என் கையே எனுக்கு வஞ்சன பண்ணிட்சி."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். "லேட் ஆச்சுப்பா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

அப்பா மேடத்தைக் கூப்பிட்டு, பத்து நாள் அவகாசம் கேட்டு, கஞ்சி குறைத்துப் புதிதாக இருபத்தைந்து துண்டு நெய்து மாற்றித் தருவதாகச் சொல்லிவிட்டார். அடுத்த பாவுக்கான நூலைத் தண்ணீராய்க் கரைத்த கஞ்சியில் முக்கினார். காயவைத்து, பாவு ஓட்டி, பழைய பாவின் நுனியோடு புதுப் பாவை இழை இழையாக முறுக்கி ஒட்டினார். ஆயிரத்துச் சொச்சம் ஜோடி. ஒன்றரை நாள் குனிந்தபடியே இருந்தார். பிறகு உட்கார்ந்து மிதித்தார்.

டக்கு டக்கு. நின்றது. டக்கு. நின்றது.

இழை அறுந்துகொண்டே இருந்தது. ஒன்றை முடிச்சுப் போட்டால் பக்கத்தில் இரண்டு அறுந்தது. முடிச்சு உள்ள துண்டைப் பழசுக்குப் பதில் கொடுக்க மாட்டேன் என்று ஒதுக்கி வைத்தார். ஒரு நாளைக்கு ஆறு துண்டு நெய்கிறவர் நான்கு நாளில் மூன்று துண்டு நெய்தார். தெருவே வந்து எட்டிப் பார்த்தது. கணக்கு டீச்சர், "சார், உங்களால நான் ரெண்டு நாளா ஸ்கூலுக்கு லேட்" என்று நிஜமாகவே கோபித்துக்கொண்டார். அம்மா, "என்னங்க, வயசாயிடுச்சு, போதும்" என்றாள். அப்பா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். நான் அந்த நான்கு நாளும் அலுவலகத்தில் இருநூற்று நாற்பது பொருள்களைப் புகழ்ந்துவிட்டு வந்து, அவரைத் தாண்டி என் அறைக்குப் போனேன்.

ஐந்தாம் நாள் சனிக்கிழமை. "வாடா, மேடவாக்கம் போவலாம். நம்மால முடிலன்னு நேர்ல சொல்லிட்டு வந்துருவோம். நீ கூட வந்தா இங்கிலீஷ்ல சாரி சொல்லுவ" என்றார். போனேன்.

குடியிருப்பு வாசலில் தண்ணீர் லாரி குறுக்கே நின்றுகொண்டிருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனோம். மேடத்துக்கு என் வயதுதான் இருக்கும். குளத்தோரம் ஒரு பெஞ்சில் துண்டுகளை அடுக்கி வைத்திருந்தார். அப்பா மேல் துண்டை எடுத்து விரல்களுக்கு நடுவில் தேய்த்தார். அது மொடமொடவென்று சத்தம் போட்டது. அவர் முகம் மாறியது.

"இன்னாம்மா இது, அலசவே இல்ல போல கீதே?"

"அலசணுமா? சார், நான் முதல்லயே உடனே ஆகுமான்னு கேட்டேனே. ஆகும்னு ரிப்ளை பண்ணீங்க. அதுல வேற இப்படிப் போட்டிருக்கு, பாருங்க." மேடம் போனை எடுத்து நிதானமாக வாசித்தார். "முதல் துடைப்பிலேயே தண்ணீரை முழுவதும் உறிஞ்சும். உங்கள் சருமத்தின் நெருங்கிய தோழன்."

என் வாக்கியங்களை இன்னொருவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. குளத்தில் ஆழமான பக்கம் எது என்று பார்த்தேன்.

அப்பா துண்டை மடித்து வைத்தார். பிறகு மேடத்தைப் பார்த்துச் சொன்னார். "டைப்பிங் மிஸ்டேக்மா. நாந்தான் சரியா பாக்கல. என் தப்பு."

இருபத்தைந்தையும் அங்கேயே அலசித் தருகிறேன் என்று வேட்டியை மடித்துக் கட்டினார். லாரித் தண்ணீரில் துணி துவைத்தால் அசோசியேஷன் செக்ரட்டரி தன்னைத் துவைத்துவிடுவார் என்று மேடம் கெஞ்சி நிறுத்தினார். மூட்டையாகக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினோம். காமராஜபுரம் வரைக்கும் மூட்டை எங்கள் இரண்டு பேர் மடியிலும் பாதிப் பாதியாக உட்கார்ந்திருந்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அது டைப்பிங் மிஸ்டேக் இல்லப்பா."

"தெரியும்" என்றார். "அவ்ளோ நீட்டா எவனும் மிஸ்டேக் பண்ண மாட்டான்."

முன்சீட்டில் உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு நான் அழுதேன். அலுவலகத்தில் சிரித்ததையும் சொல்லிவிட்டேன். அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். சேலையூர் தாண்டியதும், "சிலிண்டர் விஷயத்துக்கா சிரிச்சாங்கோ?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அது சிரிக்கத்தாண்டா எழுதனேன்" என்றார். இன்றுவரைக்கும் அது உண்மையா, எனக்காகச் சொன்னதா என்று தெரியவில்லை.

துவைத்தது நான். பச்சைத் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, கசக்கி, அலசி, மொட்டை மாடி வெயிலில் காயவைத்து, மறுபடி ஊறவைத்து. ஆக மூன்று முறை. துணி மிருதுவாகக் கம்ஃபர்ட் ஊற்றட்டுமா என்று அம்மா கேட்டபோது அப்பா கத்திவிட்டார். அது நூல் மேல் வழவழவென்று படிந்து மறுபடியும் தண்ணீரை வெளியே நிறுத்திவிடுமாம்.

ஒவ்வொரு அலசலுக்குப் பிறகும் காய்ந்த துண்டின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தோம். அலசாத துண்டில் சொட்டு கண்ணாடிக் குண்டு மாதிரி அப்படியே உட்கார்ந்திருந்தது. முதல் அலசலுக்குப் பிறகு பத்து எண்ணுவதற்குள் இறங்கியது. மூன்றாவதற்குப் பிறகு நான் "ஒண்ணு" என்று வாயைத் திறப்பதற்குள் காணோம். நீளமும் அளந்தோம். தறியில் அறுபது அங்குலம் இருந்தது, மூன்று அலசலில் ஐம்பத்தேழு ஆகியிருந்தது. நான் மேகம், தோழன் என்று எழுதியபோது இது எதுவும் எனக்குத் தெரியாது.

பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதினோம். எளிதாக முடிந்துவிடவில்லை. பாவு, ஊடை என்று அப்படியே எழுதினால் போதும் என்றார் அவர். வாங்குகிறவருக்கு அது பாவமும் ஓடையும்தான் என்றேன் நான். கஞ்சி என்பதற்குப் பதில் 'இயற்கைப் பூச்சு' என்று போடலாமா என்று கேட்டேன். பழக்க தோஷம். "அரிசிக் கஞ்சிய கஞ்சின்னு சொல்றதுக்கு இன்னாடா வெக்கம்?" என்றார். கடைசியில் வந்தது இது:

"ஒரு துண்டு மட்டும். இரண்டு இழைகளைச் சேர்த்து நெய்தது, அதனால் ஈரிழை என்று பெயர். நூலின் நம்பர் 40, எண்ணிக்கை அல்ல. அரிசிக் கஞ்சி போட்ட நூல் என்பதால் புதிதில் தண்ணீரை உறிஞ்சாது. மூன்று முறை ஊறவைத்து அலசிக் காயவைத்த பிறகு நன்றாக உறிஞ்சும். நீளம் இப்போது 60 அங்குலம், அலசிய பிறகு சுமார் 57. உடனே பயன்படுத்த வேண்டுமானால் சொல்லுங்கள், அலசி அனுப்புகிறோம், நான்கு நாள் கூடுதலாக ஆகும்."

போடுவதற்கு முன்னால் மேடத்துக்கு அனுப்பி, எந்த இடம் புரியவில்லை என்று கேட்டேன். "மூன்று முறை என்றால் ஒரே நாளிலா? வாஷிங் மெஷினில் போடலாமா?" என்று உடனே பதில் வந்தது. இரண்டையும் சேர்த்தேன். ஊறவைத்த துண்டை மெஷினில் அலசலாம், ஒவ்வொரு முறையும் முழுசாகக் காயவேண்டும் என்று அப்பா சொன்னதையும் எழுதினேன். நான் எழுதிய எதற்கும் ஒரு வாசகர் இப்படி உழைத்ததில்லை. துண்டுகளைத் திருப்பிக் கொடுத்த அன்றைக்கே மேடம் ஒரு வீடியோ அனுப்பினார். ஒரு பொடியன் துண்டுக்குள் முழுசாகச் சுருண்டுகொண்டு பல்லைக் காட்டினான். அடுத்த வாரம் எங்கள் தெருவில் டக்கு டக்கு இடைவெளி இல்லாமல் கேட்டது. கஞ்சி பழைய பதத்துக்கே திரும்பிவிட்டது.

பதினெட்டு விவரங்களையும் அப்படித் திருத்தி முடித்த மறுநாள் மாலை ஒன்றைக் கவனித்தேன். எல்லாவற்றின் அடியிலும் நான் எழுதாத ஒரு வரி இருந்தது. நான் அலுவலகம் போயிருந்த நேரத்தில், போனை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு, என்னைப் போலவே எழுத்துத் தமிழில், பதினெட்டுத் தடவை அதையே சொல்லியிருக்கிறார்.

"நெய்தது நான். எழுதியது என் பையன். நெசவில் குறை இருந்தால் என்னைக் கேளுங்கள். எழுத்தில் குறை இருந்தாலும் என்னையே கேளுங்கள்."

இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்டுவிடக் கூடாது என்றுதான், இப்போதெல்லாம் ஒரு வரி எழுதினாலும் தறி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சத்தமாக அவருக்குப் படித்துக் காட்டுகிறேன்.